பஸ் அட்டவணையை வைத்து ஒரு இங்கிலீஷ் வகுப்பு

அன்புத் தங்கச்சிக்கு,

பிள்ளைகள் பாடத்தை ஒப்பிக்கிறார்கள், கேள்வி கேட்டால் வாய் திறப்பதில்லை என்று ஏற்காட்டிலிருந்து எழுதியிருந்தாய். இது பழைய சிக்கல். நம் அப்பா காலத்தில் இலக்கணமும் மொழிபெயர்ப்பும்தான் இங்கிலீஷ் பாடம். பிறகு வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். கதவைத் திறந்துகொண்டே "ஐ ஆம் ஓப்பனிங் த டோர்" என்று பிள்ளை பிழையில்லாமல் சொல்லும். வகுப்புக்கு வெளியே அதே அமைப்பு வாயில் வராது.

இதைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் கற்பித்தல் வல்லுநர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் வேறு வழியைச் சோதித்தார். பெங்களூர்த் திட்டம் என்பார்கள். இங்கிலீஷில் ஒரு பணியைக் கொடுத்து, பிள்ளைகளின் கவனம் அதன் விடையைக் கண்டுபிடிப்பதில் இருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கணிப்பு. நீ இப்படிச் செய்து பார்.

நீயே ஒரு பஸ் அட்டவணை எழுது. சேலத்தில் 8.30, 9.15, 10.00 மணிக்குப் புறப்பாடு, பயணம் 70 நிமிடம். "பதினொரு மணிக்கு ஏற்காட்டில் இருக்கணும், கடைசியாக எந்த பஸ்ஸில் ஏறலாம்?" என்று இங்கிலீஷில் கேட்டு, எல்லாரோடும் சேர்ந்து பலகையில் விடை காண். 9.15 பஸ் 10.25-க்கு வந்துவிடும், 10.00 பஸ் 11.10 ஆக்கிவிடும். இது முன்பயிற்சி, பிள்ளைகளுக்குத் தேவையான சொற்களெல்லாம் இதிலேயே காதில் விழுந்துவிடும்.

அடுத்தது தனித்தனியே செய்யும் பணி. ஏற்காட்டில் 1.50, 2.20, 3.00 மணிக்கு பஸ். சேலத்தில் இறங்கி ஜங்ஷன் போக இன்னும் 20 நிமிடம். 4 மணி ரயிலைப் பிடிக்கக் கடைசியாக எதில் ஏறலாம்? 2.20 பஸ் என்றால் 3.50-க்கு ஸ்டேஷன். இது மாதிரி ஐந்து கேள்வி கொடு. "பஸ் கோ டூ ட்வென்டி" என்று ஒரு பிள்ளை சொன்னால், "எஸ், இட் கோஸ் அட் டூ ட்வென்டி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. அங்கே நிறுத்தி விதி சொன்னால், கணக்கில் இருந்த கவனம் சிதறிவிடும்.

குழுவாக உட்கார வைக்கலாமா என்று கேட்பாய். இன்றைய ஆசிரியர் பயிற்சி வகுப்புகள் அதைத்தான் சொல்கின்றன. பிரபு அதை ஊக்குவிக்கவில்லை. அரைகுறை இங்கிலீஷையே பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டால் அதுவே படிந்துவிடும் என்று நினைத்தார். ஆரம்ப வகுப்புக்கு அது சரி என்றே எனக்கும் படுகிறது.

பணி பொருத்தமா என்பதற்கும் அவரிடம் ஓர் அளவு உண்டு: வகுப்பில் பாதிப் பேராவது பாதிக் கேள்விகளுக்காவது சரியாக விடை எழுத வேண்டும். நாற்பது பேரில் பத்துப் பேர்தான் தேறினால் முன்பயிற்சி போதவில்லை, இல்லையென்றால் கணக்கு கடினம். எல்லாருமே முடித்துவிட்டால் அடுத்த முறை ஒரு நிபந்தனையைக் கூட்டு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த முறையில் ஆசிரியர் அந்தந்த நொடியில் இங்கிலீஷில் பேசிச் சமாளிக்க வேண்டும். தயக்கமுள்ளவர்களுக்கு இது பாரம்தான். உனக்கு அந்தப் பயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். முதல் வாரம் முடிந்ததும் விடைத்தாள்களை அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா