கடன் பணமும் 1929 சரிவும்

ஆசிரியருக்கு,

பங்குச் சந்தை சரிவு என்றாலே 'பீதி' என்று எழுதிவிடுகிறோம். பீதியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கடன்தான்.

1920களில் அமெரிக்காவில் கொஞ்சம் கைப்பணம் போட்டு, மீதியைத் தரகரிடம் கடனாகப் பெற்றுப் பங்கு வாங்குவது சகஜம். 100 டாலர் பங்குக்குச் சொந்தப் பணம் 20, கடன் 80 என்று வையுங்கள். விலை 120 ஆனால் போட்ட பணம் இரட்டிப்பு. சரி, 90க்கு இறங்கினால்? கடன் அதே 80தான். கைப்பணத்தில் பாதி போயிற்று. உடனே தரகர் கூடுதல் பணம் கேட்பார். கட்ட முடியாவிட்டால், கேட்காமலே பங்கை விற்றுவிடுவார். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கும். அடுத்த கடன்காரருக்கும் அதே நெருக்கடி வரும். நல்ல நிறுவனத்தின் பங்கும் இதில் தப்பாது, ஏனென்றால் விற்பவர் அதன் தரத்தைப் பார்த்து விற்பதில்லை.

அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்த 1929 அக்டோபரில் இத்தகைய தரகர் கடன் சுமார் 850 கோடி டாலர். சரிவுக்குப் பிறகு, 1934இல்தான் இத்தகைய கடனுக்கு வரம்பு விதிக்கும் அதிகாரம் அமெரிக்க மத்திய வங்கிக்குக் கிடைத்தது. சந்தைச் செய்திகளில் குறியீட்டு எண்ணோடு கடன் அளவையும் தினமும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்