பிறை தெரியாத இரவில் ஷிப்டுக்கு யார் வருவது? ஆலை நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

ஆலை மேலாளர் அவர்களுக்கும், மனிதவளப் பிரிவுக்கும், நம் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கடலூர் சிப்காட்டில் இருக்கிற நம் ரசாயன ஆலையில் பதினோரு வருஷமாக ஷிப்ட் சார்ட் போடுகிறவன் நான். யாருக்கு லீவு, யார் மாற்றாள், யாருக்குத் தொடர்ந்து இரண்டு ஷிப்ட், எல்லாம் என் கையெழுத்தில்தான் போகிறது. வாய்மொழியாக மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். டிசம்பரில் அடுத்த வருஷப் பட்டியல் போடுவதற்கு முன்னால் எழுத்தில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

2024 ரம்ஜான். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பட்டியலில் ஏப்ரல் 10, புதன்கிழமை என்று இருந்தது, அதை அப்படியே நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். செவ்வாய்க்கிழமை மாலை தமிழ்நாட்டில் பிறை தெரியவில்லை. கேரளாவில் புதன்கிழமையே பெருநாள், நமக்கு வியாழன், ஏப்ரல் 11. என் ஷிப்டில் இருக்கிற ஆபரேட்டர் ஒருவர், முதுநகர்க்காரர், பாய் என்றுதான் கூப்பிடுவேன், செவ்வாய் இரவே போன் செய்தார். "அண்ணே, பெருநாள் வியாழனுக்குப் போயிடுச்சு, எனக்கு அன்னைக்கு காலை ஆறு மணி ஷிப்ட், என்ன செய்யறது?" நாளைக்கு ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் புதன்கிழமை ஆபீஸே விடுமுறை, அதுவும் ரம்ஜானுக்காக விடப்பட்ட விடுமுறை. லீவு அனுமதிக்க ஆள் இல்லை. பாய் அந்த விடுமுறை நாளில் வீட்டில் நோன்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மறுநாள் தொழுகைக்குப் போனார், வேலைக்கு வரவில்லை. நான் சார்ட்டில் அவர் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டேன். ஒரு நாள் சம்பளம் போனது, அந்த மாத வருகை ஊக்கத்தொகையும் சேர்ந்து போனது. அந்த ஆப்சென்டைப் போட்டது என் கைதான், அது சரியில்லை என்று போடும்போதே எனக்குத் தெரியும்.

இதில் யாரும் வேண்டுமென்று கெடுதல் செய்யவில்லை. ஆனால் மறுபடியும் நடக்கும், ஏனென்றால் இஸ்லாமிய மாதம் 29 நாளிலும் முடியலாம், 30 நாளிலும் முடியலாம், எது என்று முந்தின நாள் பொழுது சாய்ந்த பிறகுதான் தெரியும். டிசம்பரில் அச்சடிக்கிற தேதி ஒரு கணக்கு, அவ்வளவுதான். பக்ரீத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அது மாதத்தின் பத்தாம் நாள், பிறை பார்த்த பிறகு ஒன்பது பத்து நாள் கையில் இருக்கும். ஆக வருஷத்தில் ஒரே ஒரு நாளுக்குத்தான் நாம் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் இடம் இல்லை என்று போன கூட்டத்தில் சொன்னீர்கள். இருக்கிறது. தமிழ்நாட்டின் 1958ஆம் வருஷத்து தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நாலு நாளைத்தான் பெயர் சொல்லிக் கட்டாயமாக்குகிறது. மற்ற ஐந்து பண்டிகை நாட்களை ஆய்வாளர் நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்து முடிவு செய்ய வேண்டும். கலந்து என்றால் தலைமை அலுவலகப் பட்டியலை ஒட்டிவிட்டு இரண்டு கையெழுத்து வாங்குவது இல்லை. விடுமுறை நாளில் ஒருவரை வேலைக்கு வைத்தால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளமும் வேறொரு நாள் விடுமுறையும் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த இரண்டாவது வழிதான் நமக்கு வேண்டியது. பட்டியல் நாளில் பெருநாள் இல்லாமல் போனால் பாய் அன்றைக்கு வேலைக்கு வரட்டும், அதற்குப் பதிலாக மறுநாள் விடுமுறை எடுக்கட்டும். கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது.

செய்வது எப்படி என்றும் சொல்கிறேன். ரியாக்டர் பகுதியில் ஷிப்டுக்கு நாலு ஆபரேட்டர் இருந்தே ஆக வேண்டும், இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதனால் பெருநாளுக்கு இரண்டு வாரம் முன்பே இரண்டு சார்ட் போட்டு இரண்டிலும் மாற்றாள் பெயரோடு கையெழுத்து வாங்கிவிடுவேன். பிறை அன்று இரவு எட்டு மணிக்கு எந்தச் சார்ட் நடப்பு என்று ஷிப்ட் குரூப்பில் ஒரே ஒரு செய்தி. அதற்கான அனுமதியை நிர்வாகம் முன்கூட்டியே எனக்கு எழுத்தில் தந்துவிட்டால் போதும், அந்த நேரத்தில் யாரையும் போனில் தேட வேண்டியதில்லை.

அப்புறம் நோன்பு திறக்கிற நேரம். இரண்டாம் ஷிப்ட் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குகிறது, சாப்பாட்டு இடைவேளை ஏழு மணிக்கு. பொழுது சாய்வதோ ஆறேகாலை ஒட்டி. இந்த வருஷம் நோன்பில் ஒரு நாள் பாய் கன்ட்ரோல் பேனல் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டார். அதற்கு மெமோ வந்தது. பிளான்ட்டுக்குள் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்ற விதி சரியான விதிதான். கையில் என்ன ரசாயனம் ஒட்டியிருக்கிறதோ, அது உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. அப்படியானால் அவர் வெளியே போய்க் கை கழுவிச் சாப்பிட நேரம் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு இல்லையா? வீட்டிலிருந்து தூக்கில் வந்த நோன்புக் கஞ்சி ஏழு மணிக்குத் திறக்கும்போது ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும்.

தினம் தினம் நேரம் மாறுமே, சார்ட்டை எப்படி மாற்றுவது என்று மனிதவளப் பிரிவில் கேட்டார்கள். காலண்டரை எடுத்துப் பாருங்கள். 2027இல் நோன்பு பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தொடங்கி மார்ச் பத்தாம் தேதி வாக்கில் முடியும், அந்த ஒரு மாதம் முழுவதும் கடலூரில் சூரியன் மறைவது 6.15க்கும் 6.25க்கும் இடையில்தான். நோன்பு இருப்பவர்களுக்கு மட்டும் இடைவேளையை 6.10 முதல் 6.40 வரை வைத்தால் மாதம் முழுக்கப் பொருந்தும். அதே அரை மணி நேரம்தான், முன்னால் தள்ளுகிறோம். அந்த நேரத்தில் பாயின் பேனலைப் பக்கத்து ஆபரேட்டர் பார்ப்பார், ஏழு மணிக்குப் பக்கத்து ஆபரேட்டர் இடைவேளைக்குப் போகும்போது அவருடைய பேனலைப் பாய் பார்ப்பார். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

சங்கத்துத் தோழர்களே, உங்களிடமும் பேச வேண்டும். "அவங்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது, மேடையில் இருந்த யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். மாசி மகம் நம் ஐந்து நாள் பட்டியலில் இல்லை. தேவனாம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் நம்மிடம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள், அன்றைக்கு ஊர்ச் சாமியெல்லாம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது அவர்கள் ஊரில் இல்லாமல் இருக்க முடியாது. இந்த வருஷம் மாசி மகம் நோன்பு மாதத்துக்குள்ளேயே வந்தது. அன்று காலை ஷிப்டில் அந்த ஏழு பேரில் மூன்று பேருக்கு மாற்றாளாக நின்றது யார் என்று சார்ட்டைப் பாருங்கள். பாயும் அவருடைய இரண்டு நண்பர்களும், மூன்று பேரும் நோன்போடு. யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவர்களாகவே வந்து பெயர் கொடுத்தார்கள். "அவனுங்க சாமி வருஷத்துக்கு ஒரு நாள்தானேண்ணே கடலுக்கு வருது" என்றார் பாய்.

கேட்பது மூன்று. ரம்ஜானுக்கு இரண்டு சார்ட்டும் முன் அனுமதியும், நோன்பு மாதத்தில் 6.10 இடைவேளை, 2024 ஏப்ரல் 11ஆம் தேதி போட்ட ஆப்சென்டைத் திருத்தி அந்த மாத ஊக்கத்தொகையைத் திருப்பித் தருவது. கடைசியானது தவறாமல் நடக்க வேண்டும். டிசம்பர் கூட்டத்துக்கு 2027இன் இரண்டு சார்ட்டையும் போட்டு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் பிளான்ட் ஷிப்ட் இன்சார்ஜ்