கேட்காமல் வந்த டோக்கனுக்கு விலை போட்டுக் காட்டாதீர்கள்

கிரிப்டோ வாலட் செயலிகளை உருவாக்குவோருக்கும், பரிவர்த்தனைகளைத் தேடிக் காட்டும் பிளாக் எக்ஸ்புளோரர் தளங்களை நடத்துவோருக்கும் வணக்கம்.

ஏர்டிராப் என்ற பெயரில் யார் யாரோ அனுப்பும் விற்க முடியாத டோக்கன்களைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. அவற்றை எங்களைவிட நீங்கள்தான் நன்கு அறிவீர்கள். அறிந்திருந்தும் அவற்றை எங்கள் சொத்துப் பட்டியலின் உச்சியில் டாலர் மதிப்போடு ஏன் காட்டுகிறீர்கள் என்பதே என் கேள்வி.

என் நண்பர் ஒருவரின் எத்தீரியம் வாலட்டில் 50,000 டோக்கன்கள் வந்து விழுந்தன. அவர் அவற்றை வாங்கவில்லை, கேட்கவும் இல்லை. செயலி அவற்றின் மதிப்பு 5,000 டாலர் என்று காட்டியது. அந்த மதிப்பு எப்படி வந்தது என்று பார்த்தேன். டோக்கனை உருவாக்கியவர், லிக்விடிட்டி பூல் எனப்படும் பரிமாற்றக் கையிருப்பில் 1,000 டோக்கன்களையும், டாலருக்கு நிகரான யுஎஸ்டிசி டோக்கனை 100 டாலர் மதிப்புக்கும் வைத்திருக்கிறார். ஆகவே ஒன்றின் விலை 10 சென்ட். அதை 50,000 ஆல் பெருக்கிக் காட்டியது உங்கள் மென்பொருள். ஆனால் அந்தப் பூலில் இருப்பதே 100 டாலர்தான். தடையில்லாமல் விற்க முடிந்திருந்தால்கூட, 50,000 டோக்கன்களையும் உள்ளே போட்டால் வெளியே வருவது 98 டாலர் அளவுதான். பூலின் ஆழத்தைப் பார்க்காமல் பெருக்கல் வாய்ப்பாட்டை மட்டும் ஒப்பிக்கும் மென்பொருளை நீங்கள் ‘மதிப்பீடு’ என்கிறீர்கள்.

அந்த 98 டாலரும் கிடைக்காது என்பது அடுத்த கட்டம். டோக்கன் என்பது நம் வாலட்டுக்குள் இருக்கும் பொருள் அல்ல. அதை உருவாக்கியவர் பிளாக்செயினில் எழுதிவைத்த, ஒப்பந்தம் எனப்படும் நிரலுக்குள், நம் முகவரிக்கு எதிரே எழுதப்பட்ட ஓர் எண். யாரோ தம் நோட்டுப் புத்தகத்தில் நம் பெயரை எழுதி, எதிரே ஒரு தொகையைக் குறித்துக்கொள்வதைப் போன்றது அது. அதற்கு நம் சம்மதம் தேவையில்லை. அந்தத் தொகையை நகர்த்தும் விதியையும் அவரே எழுதுகிறார். உரிமையாளரையும் பூலையும் தவிர வேறு யார் அனுப்ப முயன்றாலும் பரிவர்த்தனையை ரத்து செய் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். வாங்கலாம், விற்க முடியாது.

நண்பர் விற்க முயன்றார், நடக்கவில்லை. தம்முடைய இன்னொரு முகவரிக்கு அனுப்பிப் பார்த்தார், அதுவும் தோற்றது. தோற்ற பரிவர்த்தனைக்கும், எத்தீரியம் வாங்கும் கேஸ் கட்டணம் போனது. இங்கே எக்ஸ்புளோரர் நடத்துவோர் கவனிக்க வேண்டும். ஒரு பரிவர்த்தனை ஏன் தோற்றது என்பதற்கான வாசகத்தை ஒப்பந்தம் எழுதியவர்தான் தருகிறார். இந்த மோசடிக்காரர் அதில் எழுதியிருந்தது, “விற்பதற்கு முன் இந்தத் தளத்தில் உங்கள் வாலட்டைப் பதிவு செய்யுங்கள்” என்பது. திருடனின் அறிவிப்புப் பலகையை உங்கள் தளம் சிவப்பு எழுத்தில், ஒரு தொழில்நுட்பப் பிழைச் செய்தியின் தோரணையில், தன் சுவரில் மாட்டிக் காட்டியது. நண்பர் அதை உங்கள் சொல்லாகவே எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தளம் வாலட்டை இணைக்கச் சொல்லி, ஒரு கையொப்பம் கேட்டது. செயலி அவருக்குக் காட்டியது இதுதான்:

```
Permit
spender: 0x...
value: 115792089237316195423570985008687907853269984665640564039457584007913129639935
```

spender என்பது எடுத்துக்கொள்ள அனுமதி பெறுபவரின் முகவரி. இதற்குக் கீழே, deadline என்று கெடுவைக் குறிக்கும் இடத்தில், 1970 முதல் எண்ணப்பட்ட நொடிகள். கேஸ் கட்டணம் கேட்கவில்லை, ஆகவே பணம் எதுவும் போகாது என்று நினைத்து ஒப்புதல் தந்தார். உண்மையில் அவர் கையொப்பமிட்டது அந்தக் குப்பை டோக்கனுக்கு அல்ல, தம்மிடமிருந்த யுஎஸ்டிசிக்கு. அந்த நீண்ட எண்ணின் பொருள் ‘வரம்பே இல்லை’ என்பது. ஒரு மனிதனிடம் ஒப்புதல் கேட்கும் முறையா இது? “இந்த அந்நியர் உங்கள் யுஎஸ்டிசி முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்” என்று ஒரே வரியில் எழுத உங்களுக்கு எது தடை?

சில நிமிடங்களில் அவருடைய யுஎஸ்டிசி இருப்பு காலியானது. அவர் பதறிப்போய் உங்கள் செயலியில் ‘இணைப்பைத் துண்டி’ என்ற பொத்தானை அழுத்தினார். துண்டிக்கப்பட்டது என்று பச்சை நிறத்தில் செய்தியும் வந்தது. ஆபத்து நீங்கியதென்று அவர் எண்ணினார். ஆனால் பிறகு அதே முகவரிக்கு வந்த அடுத்த யுஎஸ்டிசி தொகையும் போனது. ஏனென்றால் அந்தப் பொத்தான் தளத்துக்கும் செயலிக்கும் இடையிலான உரையாடலை மட்டுமே நிறுத்துகிறது. யுஎஸ்டிசியின் ஒப்பந்தத்தில் பதிவாகிவிட்ட அனுமதி அப்படியே இருக்கிறது. கெடு முடிந்தாலும் அது நீங்காது. அந்தக் கெடு கையொப்பத்தைச் சமர்ப்பிப்பதற்கானதுதான். அனுமதியை நீக்க, அதே spender முகவரிக்கான அளவைப் பூஜ்யமாக்கும் தனிப் பரிவர்த்தனையைக் கட்டணம் கட்டிச் செய்ய வேண்டும். இதை உங்கள் செயலி எங்கும் சொல்லவில்லை. முதல் இழப்பை விதி என்று விட்டாலும், இரண்டாவது இழப்பு அந்தப் பச்சைச் செய்தியால் நேர்ந்தது. புகாருக்கு வந்த பதில், “நீங்களே கையொப்பமிட்டிருக்கிறீர்கள்” என்பது. உண்மைதான், மறுக்கவில்லை.

இது புதிய தந்திரமும் அல்ல. 2022 ஜூலையில், டோக்கன் பரிமாற்றத் தளமான யூனிஸ்வாப்பின் பெயரில் 70,000க்கும் மேற்பட்ட முகவரிகளுக்குப் போலி டோக்கன் அனுப்பப்பட்டது. அனுப்பியவர் யூனிஸ்வாப்பே என்று எக்ஸ்புளோரரில் தெரியும்படி, ஒப்பந்தம் பொய்யான நிகழ்வுக் குறிப்பை வெளியிட்டது. அதை நம்பி, அந்த டோக்கன் சுட்டிய தளத்துக்குப் போனவர்களிடமிருந்து 7,500க்கும் மேற்பட்ட ஈத்தர் களவு போனது. யூனிஸ்வாப்பின் நெறிமுறையில் எந்த ஓட்டையும் இல்லை. காட்சித் திரையில்தான் ஓட்டை இருந்தது. அந்தத் திரை உங்களுடையது. 2020இல் அதே யூனிஸ்வாப் தன் பழைய பயனர்களுக்கு 400 டோக்கன்களை உண்மையாகவே வழங்கியது என்பதால், ஏர்டிராப் எல்லாமே பொய் என்று எங்களால் ஒதுக்கவும் முடிவதில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. கேட்காமல் வந்த டோக்கனுக்கு விலை போட்டுக் காட்டாதீர்கள். பயனர் தாமே தொடங்காத ஒரு பரிவர்த்தனையில், நூற்றுக்கணக்கான முகவரிகளுக்கு ஒரே மூச்சில் வந்த டோக்கனைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். உண்மையானதாக இருந்தால் தேடி எடுத்துக்கொள்கிறோம். விற்பனையை முன்கூட்டிப் போலியாக இயக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இன்று விற்க அனுமதித்துவிட்டு நாளை தடுக்கும் ஒப்பந்தங்களும் உள்ளன, ஆகவே அதை மட்டும் நம்ப முடியாது.

அந்தப் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதுங்கள். இந்த டோக்கன் சும்மா கிடப்பதால் எந்தத் தீங்கும் இல்லை. அதை அழிக்கிறேன் என்று, யாராலும் திறக்க முடியாத எரிப்பு முகவரிக்கு அனுப்ப முயல்வதும் அதே ஒப்பந்தத்தை இயக்குவதுதான், கட்டணம்தான் வீண். மறைத்துவிட்டால் போதும். பயந்துபோன பலர் அதை ஒழிக்கப் போய்த்தான் அந்தத் தளத்தின் வாசலில் நிற்கிறார்கள்.

வாலட்டுக்குள்ளேயே டோக்கன் மாற்றும் வசதி வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பங்கு வாங்கும் உங்களுக்கு, எண்கள் பெரிதாகத் தெரிவது வியாபாரத்துக்கு நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்க விரும்பவில்லை. நீங்கள் நினைக்க வைக்காதீர்கள்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையை மீண்டும் பணிவோடு வைக்கிறேன்: கேட்காமல் வந்த டோக்கனுக்கு விலை போட்டுக் காட்டாதீர்கள். அதற்கு நாளாகும் என்றால், ‘இணைப்பைத் துண்டி’ பொத்தானின் கீழே “நீங்கள் தந்த அனுமதிகள் இன்னும் செல்லும், அவற்றை இங்கே நீக்கலாம்” என்ற ஒரு வரியையாவது அடுத்த பதிப்பில் சேர்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் செயலியின் பயனர் ஒருவர்