உதகையில் 12.6 போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உதகையிலேயே பிறந்து வளர்ந்த என் மைத்துனியின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஹீமோகுளோபின் 12.6 கிராம் என்றும், அதன் அருகே ‘12 முதல் 15 வரை இயல்பு’ என்றும் அச்சிட்டிருந்தார்கள். சென்னையில் வசிக்கும் பெண்ணுக்கு அது சரியே. ஆனால் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து, மூச்சில் சேரும் ஆக்சிஜனும் குறைவதால், சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்டின் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. அதனால்தான் இந்த உயரத்தில் வாழ்பவர்களின் அளவிலிருந்து 1.4 கிராமைக் கழித்துப் பார்க்கச் சொல்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கழித்தால் மைத்துனிக்கு 11.2 வருகிறது, கர்ப்பமில்லாத பெண்ணுக்கான எல்லை 12 என்பதால் இது ரத்தசோகை. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டுவதால் எல்லை 13. ஒன்றரை வயதுக் குழந்தைக்கோ 10.5 போதும்.

சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகுமாதலால், இரண்டு நாள் சுற்றுலா வந்தவருக்கு இந்தக் கழித்தல் பொருந்தாது. ஆய்வகங்கள் வயதையும் பாலினத்தையும் கேட்கின்றன. வசிக்கும் ஊரை மட்டும் ஏனோ கேட்பதில்லை. மலை ஊர்களின் அறிக்கைகளிலாவது திருத்திய அளவையும் சேர்த்து அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், உதகமண்டலம்