தொலைபேசியில் தொகை சொல்லும் தமிழ்க் குரல்சேவைகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மின்கட்டணம், கடன் தவணை, காப்பீடு என்று எதற்கு அழைத்தாலும் உங்கள் குரல்பதிவு தொகையைத் தமிழில் சொல்கிறது. ஆனால் ரூ.1,42,608 என்பது 'ஒன்று லட்சம் நாற்பத்திரண்டு ஆயிரம் ஆறு நூறு எட்டு' என்று வருகிறது. ஆங்கிலச் சேவைக்கு எழுதிய நிரலில் தமிழ் ஒலித்துண்டுகளை மட்டும் மாற்றிப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

இது இலக்கணக் குறை மட்டுமல்ல. 'ஆயிரத்து', 'நூற்று' என்று கேட்டால் எண் இன்னும் தொடர்கிறது என்று காது அறிந்துகொள்கிறது. 'ஆயிரம்' என்றால் அங்கே முடிந்துவிட்டது. நடுவில் 'ஆயிரம்' வந்தால், எழுதிக்கொண்டிருப்பவர் பேனாவை எடுத்துவிடுவார். மீதி 608 தவறிப்போகும்.

சரியான வரிசைக்கு ஆறு துண்டுகள் போதும்: ஒரு, லட்சத்து, நாற்பத்திரண்டாயிரத்து, அறுநூற்று, எட்டு, ரூபாய். விதியும் எளிது. அந்த இடத்துக்குக் கீழே மீதி இருந்தால் 'த்து', 'ற்று' வடிவம். மீதி பூஜ்யமானால் 'ஆயிரம்', 'நூறு'. 1 முதல் 99 வரை தனித்தனியாக 99 பதிவுகள், நூறுகள் இரு வடிவில் 18, ஆயிரங்கள் இரு வடிவில் 198, அவற்றோடு 'ஒரு', 'லட்சம்', 'லட்சத்து', 'ரூபாய்'. ஆக 319 துண்டுகளில் 99,99,999 வரை சொல்லிவிடலாம். ஒரே குரலில், ஒரே வேகத்தில் பதியுங்கள். 'இருபது', 'அறுபது' இரண்டும் தொலைபேசியில் ஒன்றுபோல் கேட்கும்; முதல் எழுத்தை அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள். தொகையைச் சொன்னபின் ஒருமுறை தானாகவே திரும்பச் சொன்னால் இன்னும் நல்லது.

தேதிக்கு வருவோம். 03-04-2025 என்பதை எழுத்தை ஒலியாக்கும் மென்பொருளிடம் அப்படியே கொடுக்காதீர்கள். 'ஏப்ரல் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை' என்று எழுதிக் கொடுங்கள். கட்டவேண்டிய கடைசி நாளுக்கு ஆண்டு அநேகமாகத் தேவையில்லை, கிழமைதான் உதவும். மாதத்தின் முதல் நாளை 'ஒன்றாம் தேதி' என்றே சொல்லுங்கள். 'ஏப்ரல் முதல்' என்று காதில் விழுந்தால் அன்றிலிருந்து தொடங்குவதாகப் பொருள்பட்டுவிடும்.

சுருக்கங்களில் பழகியதைத் தொடாதீர்கள். ஓ.டி.பி.யை யாரும் விரித்துச் சொல்வதில்லை, பான் கார்டை எழுத்தெழுத்தாகச் சொல்வதுமில்லை. சிக்கல், வாடிக்கையாளர் குறியீட்டில் வரும் ஆங்கில எழுத்துகளில்தான். தமிழில் 'பி' என்று எழுதினால் அது P-யா B-யா, 'டி' என்றால் T-யா D-யா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அந்த எழுத்துகளை மட்டும் ஆங்கிலக் குரலில் பதிந்து சேருங்கள். முடிந்தால் குறியீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

வெளியிடுமுன் 1,000, 1,001, 1,100, 10,900, 90,909, 1,00,000, 1,00,001 ஆகியவற்றை ஓட்டிப் பாருங்கள். பிழை இருந்தால் பெரும்பாலும் இவற்றிலேயே தெரிந்துவிடும். கேட்பவர் திரையைப் பார்க்காமல், சாதாரணக் கைபேசியில், தெருச் சத்தத்தில் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
தமிழ்க் குரல்பதிவுப் பணியில் இருப்போர் சிலர்