ஹேக்கத்தான் அறிவிப்பில் கடைசி நாளும் தகுதியும் பரிசும் குழம்பிப் போனது குறித்த புகார்

கோயம்புத்தூர்
29.09.2025

அனுப்புநர்:
ஹேக்கத்தான் ஒருங்கிணைப்பாளர்,
கணினி அறிவியல் துறை,
பொறியியல் கல்லூரி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் பிரிவு மேலாளர்,
தங்கள் விளம்பர வடிவமைப்பு நிறுவனம்.

பொருள்: 24 மணி நேர ஹேக்கத்தானுக்குத் தாங்கள் எழுதித் தந்த அழைப்பு வாசகத்தில் இருந்த பிழைகள், அதனால் ஏற்பட்ட இழப்பு, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டல்.

வணக்கம்.

செப்டம்பர் 26, 27 தேதிகளில் எங்கள் துறை நடத்திய ஹேக்கத்தானுக்கு போஸ்டர், இன்ஸ்டாகிராம் கேப்ஷன், பதிவுப் படிவம் மூன்றையும் தங்களிடம் ஒப்படைத்து ரூ.18,000 கொடுத்தோம். போஸ்டரின் நிறம், எழுத்துரு பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பார்க்க அழகாகவே இருந்தது. என் புகார் முழுக்க அந்த வாசகத்தைப் பற்றியது. யார் வரலாம், என்ன கிடைக்கும், எப்போதுக்குள் பதிய வேண்டும் என்ற மூன்று கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அந்த வாசகம். மூன்றிலும் சறுக்கியிருக்கிறீர்கள்.

முதலில் கடைசி நாளைச் சொல்கிறேன். அதிகம் அடிபட்டது அதில்தான்.

நாங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய குறிப்பில் "12.09.2025 வெள்ளிக்கிழமை இரவு 11.59 வரை" என்று இருந்தது. அதைத் தாங்கள் "செப்டம்பர் 12, நள்ளிரவு 12 மணி வரை" என்று மாற்றினீர்கள். 11.59 என்று எழுதுவது அசிங்கமாகத் தெரிகிறது, முழு எண்ணாக இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்று தங்கள் வடிவமைப்பாளர் பிறகு போனில் விளக்கம் சொன்னார். 11.59 என்று போடுவதற்குக் காரணமே அந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதுதான். 12ஆம் தேதி நள்ளிரவு 12 மணி என்றால் எது? கடிகாரக் கணக்குப்படி 12ஆம் தேதி தொடங்குகிற நொடி, அதாவது வியாழன் இரவு முடிகிற நேரம். ஆனால் நம் ஊரில் யாரிடம் கேட்டாலும் வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டுத் தூங்கப்போன பிறகு வருகிற நள்ளிரவைத்தான் சொல்வார்கள். மாணவர்கள் இரண்டாவது அர்த்தத்தில் படித்தார்கள். படிவத்தைக் கவனித்துக்கொண்ட தங்கள் ஊழியர் முதல் அர்த்தத்தில் படித்து, வியாழன் இரவு 12 அடித்ததும் மூடிவிட்டார். தங்கள் நிறுவனத்துக்கு உள்ளேயே ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்திருக்கிறார்கள் என்றால் வெளியில் இருப்பவர்களை நான் என்ன சொல்ல?

வெள்ளி காலை எட்டு மணியிலிருந்து என் போன் ஓயவில்லை. "இந்தப் படிவம் இனி பதில்களை ஏற்காது" என்ற திரையைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பெரும்பாலான அணிகள் கடைசி நாளில்தான் பதிவு செய்யும். ஹேக்கத்தான் நடத்திய எல்லோருக்கும் இது தெரியும். யோசனையை ஆறு ஸ்லைடில் போட்டு இணைக்க வேண்டும் என்பதால் கடைசி இரவு வரை திருத்திக்கொண்டுதான் இருப்பார்கள். அப்படிப்பட்ட நாளையே வெட்டிவிட்டீர்கள்.

ஞாயிறு இரவு வரை நீட்டித்தோம். அதில் இன்னொரு வம்பு. வியாழன் இரவு அவசர அவசரமாக அனுப்பியவர்கள், "எங்களுக்கு மட்டும் ஏன் மூன்று நாள் குறைவு?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். அவர்களும் ஸ்லைடுகளை மாற்றி அனுப்பலாம் என்று ஒவ்வோர் அணிக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் போட வேண்டியதாயிற்று.

நீட்டிப்பை அறிவித்ததும் சுலபமாக இல்லை. இன்ஸ்டாகிராமில் பதிவேற்றிய பிறகு கேப்ஷனைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. தாங்கள் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டீர்கள். அதில் மாணவர்கள் கேட்டிருந்த கேள்விகளும் நாங்கள் கொடுத்த பதில்களும் சேர்ந்தே போய்விட்டன. ஆனால் வாட்ஸ்அப் குழுக்களில் பரவிய பழைய போஸ்டர் எங்கேயும் போகவில்லை. அது இன்று வரை சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய பதிவை அப்படியே வைத்து, அதன் கேப்ஷனின் முதல் வரியில் "தேதி நீட்டிப்பு" என்று சேர்த்து, புதிய படத்தைத் தனியாகப் போட்டிருந்தால் போதும்.

அடுத்தது தகுதி. "கல்லூரி மாணவர்கள் அனைவரும் வரலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் குறிப்பில் இருந்தது வேறு: பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ. தற்போது படித்துக்கொண்டிருப்பவர்கள், ஒரே கல்லூரியைச் சேர்ந்த இரண்டு முதல் நான்கு பேர். பரிசோடு இன்டர்ன்ஷிப் தருகிற நிறுவனம் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு மட்டும் என்று கேட்டதால் வைத்த நிபந்தனை அது. படிவத்திலும் கல்லூரிப் பெயர் மட்டும்தான் கேட்டிருந்தீர்கள். என்ன படிப்பு, எந்த ஆண்டு என்ற கேள்வியே இல்லை. நடுவர்கள் பெயர் பார்க்காமல் ஸ்லைடுகளை மட்டும் பார்த்து 40 அணிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தகுதி இல்லாதவர்கள் அங்கேயும் வடிகட்டப்படவில்லை.

26ஆம் தேதி காலை ஏழு மணிக்கு திண்டுக்கல் பக்கத்திலிருந்து நான்கு பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து நின்றார்கள். நுழைவு மேசையில் அடையாள அட்டையைப் பார்த்தால் பாலிடெக்னிக், டிப்ளமோ மூன்றாம் ஆண்டு. அவர்கள் மேல் என்ன தப்பு? கையில் போஸ்டர் இருக்கிறது, அதில் அனைவரும் என்று இருக்கிறது. உள்ளே விட்டோம். இன்டர்ன்ஷிப் கிடையாது, பணப்பரிசுக்கு மட்டும் போட்டியிடலாம் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தோம். அந்தப் பேச்சை அன்று காலை நான்தான் பேசினேன். தாங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். இன்னொரு அணியில் ஒருவர் மே மாதமே படிப்பை முடித்தவர். "நானும் கல்லூரி மாணவன்தான் சார், இன்னும் பட்டம் வாங்கவில்லை" என்றார். எந்தத் தேதியில் மாணவராக இருக்க வேண்டும், அதற்கு என்ன காட்ட வேண்டும் என்று எழுதாமல் விட்டால் இப்படித்தான் நடக்கும்.

அப்புறம் பரிசு. "ரூ.1 லட்சம் பரிசு!" என்று போஸ்டரின் நடுவில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். உண்மையில் பணம் ரூ.70,000 தான்: முதல் பரிசு 40,000, இரண்டாவது 20,000, மூன்றாவது 10,000. மீதி 30,000 என்பது கிளவுட் சேவைக்கான கூப்பன்களின் மதிப்பு. குறிப்பில் இரண்டையும் பிரித்தே கொடுத்திருந்தோம். தாங்கள் கூட்டிப் போட்டதில் முதல் பரிசே ஒரு லட்சம் என்று பல பேர் நினைத்துவிட்டார்கள். நிறைவு விழாவில் முதல் பரிசு பெற்ற அணி மேடையை விட்டு இறங்கியதும் காசோலையைப் பார்த்துவிட்டு, "சார், இது ஒருத்தருக்கா, அணிக்கா?" என்று கேட்டது. அவர்கள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது பரிசு கொடுத்த திருப்தியே எனக்கு இல்லாமல் போய்விட்டது.

கேப்ஷனின் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எதிர்காலத்தை மாற்ற நீங்கள் தயாரா?" என்று தொடங்கி நான்கு வரிக்கு வீர வசனம், வரிக்கு வரி நெருப்புப் பொம்மை. போனில் கேப்ஷனின் முதல் இரண்டு வரி போலத்தான் தெரியும், மீதி மடங்கிவிடும். அந்த இரண்டு வரியில் தேதியும் இல்லை, ஊரும் இல்லை. படிவ இணைப்பைக் கேப்ஷனிலேயே போட்டிருந்தீர்கள். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் போட்ட இணைப்பைத் தொட்டால் திறக்காது, கையால் தட்டச்சு செய்ய வேண்டும். `forms.gle` இணைப்புகளில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து வரும், ஒன்று மாறினாலும் பக்கம் கிடைக்காது. இணைப்பை முகப்பு விவரத்தில் வைத்துவிட்டு, போஸ்டரில் கியூ.ஆர். குறியீடு போட்டிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத் தவறையும் ஒளிக்கவில்லை. போஸ்டரின் மாதிரியை இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். நான் போனிலேயே மேலோட்டமாகப் பார்த்து "சரி" என்று போட்டுவிட்டேன். நள்ளிரவு என்ற சொல் அப்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஆனால் கேப்ஷனையும் படிவத்தையும் ஒப்புதலுக்குத் தாங்கள் அனுப்பவே இல்லை. அவை வெளியான பிறகுதான் நாங்கள் பார்த்தோம்.

நீட்டிப்பு அறிவிப்புக்காக எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கால் மணி நேரத்தில் புதிய கேப்ஷன் எழுதிக் கொடுத்தாள். தேதியை மட்டும் பழையபடி மாற்றிக் கீழே தருகிறேன். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்:

> 24 மணி நேர ஹேக்கத்தான், கோவை, செப். 26–27. பதிவு செப். 12 வெள்ளி இரவு 11.59 வரை. முதல் பரிசு ரூ.40,000.
>
> யார் வரலாம்: பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ. மாணவர்கள், எந்தத் துறையும் எந்த ஆண்டும். செப். 26 அன்று படித்துக்கொண்டிருக்க வேண்டும். கல்லூரி அடையாள அட்டை அவசியம். டிப்ளமோ, கலை அறிவியல் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இந்த முறை இல்லை.
>
> அணி: ஒரே கல்லூரியிலிருந்து 2 முதல் 4 பேர்.
>
> பரிசு (ஓர் அணிக்கு மொத்தமாக): ரூ.40,000, ரூ.20,000, ரூ.10,000. இவை தவிர கிளவுட் கூப்பன்கள். அவற்றைப் பணமாக மாற்ற முடியாது.
>
> கட்டணம்: பதிவுக்கு இல்லை. தேர்வாகும் 40 அணிகள் சாப்பாட்டுக்காக அணிக்கு ரூ.600 கட்ட வேண்டும்.
>
> எப்படி: ஆறு ஸ்லைடுக்குள் யோசனையைப் படிவத்தில் இணைக்கவும். இணைப்பு முகப்பு விவரத்தில். தேர்வானவர்கள் பட்டியல் செப். 18.

யாருக்கு இல்லை என்பதையும் அவள் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் திண்டுக்கல் பிள்ளைகள் ஒரு நாளையும் பஸ் காசையும் யோசித்துச் செலவழித்திருப்பார்கள்.

எங்கள் கோரிக்கைகள்: கேப்ஷனுக்கும் படிவத்துக்குமாகத் தங்கள் ரசீதில் தனியாகக் குறிப்பிட்டிருக்கும் ரூ.7,500ஐத் திருப்பித் தர வேண்டும். திருத்திய தேதியோடு 60 போஸ்டர்களை மறுபடி அச்சடித்த செலவு ரூ.2,100ஐயும் தர வேண்டும். அச்சக ரசீதை இணைத்துள்ளேன். தங்கள் பக்கத்தில் "எங்கள் வேலைகள்" என்ற தலைப்பில் அந்தப் பழைய போஸ்டர் இன்னும் இருக்கிறது, அதை எடுத்துவிட வேண்டும். நேற்றுகூட ஒரு மாணவர் அதைப் பார்த்துவிட்டுப் பதிவு உண்டா என்று கேட்டார்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் தேவை. எங்கள் குறிப்பு, தாங்கள் வெளியிட்ட கேப்ஷனின் ஸ்கிரீன்ஷாட், படிவம் மூடப்பட்ட நேரம் தெரியும் மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
ஹேக்கத்தான் ஒருங்கிணைப்பாளர்