அடுக்கி வைத்த கல்லையும் வேலையாகக் கணக்கிடுங்கள்: வீட்டுத்திட்டத் தவணை விடுவிக்கும் உத்தியோகத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உத்தியோகத்தர்களுக்கு,

வலிகாமம் வடக்கில் ஒரு கட்டடப் பொருட்கள் கடையில் கணக்கு எழுதுகிறேன். சீமெந்து, கம்பி, ஆணி, சுண்ணாம்பு எல்லாம் விற்கிற கடை. எங்கள் கடன் கொப்பியில் ஒரு அக்காவுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. மற்றவர்களின் பக்கங்களில் ரூபாய்க் கணக்கு இருக்கும். அவருடைய பக்கத்தில் பையின் எண்ணிக்கை மட்டும்தான். அப்படி எழுதச் சொன்னதே அவர்தான். 2022இல் சீமெந்து விலை மாதத்துக்கு மாதம் ஏறி மூவாயிரம் ரூபாய் வரை போனதை அவர் மறக்கவில்லை. "தங்கச்சி, காசு மாறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு எத்தினை பை வேணும் எண்டது மாறாது. பையைத்தான் எழுதுங்கோ" என்றார்.

அவர் கட்டுவது ஒரே ஒரு அறை. உள்ளளவு 12 அடிக்கு 10 அடி. ஒரு கதவு, இரண்டு யன்னல், மேலே ஓடு. 1990இல் சின்னப் பிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறியவர். பல வருடங்களுக்குப் பிறகு காணி விடுபட்டுத் திரும்பியபோது வளவில் பழைய கிணறும் ஒரு பாதிச் சுவரும்தான் இருந்தன. இப்போது தகரக் கொட்டில் ஒன்றில் மகளுடன் இருக்கிறார். வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலி வேலை.

அத்திவாரம் வெட்டிய அன்று மேசன் அண்ணை கணக்குச் சொல்ல, அக்கா கொட்டிலின் தகரக் கதவின் உட்பக்கம் கரியால் எழுதி வைத்தார். அத்திவாரத்துக்கும் அதன் மேல் போடும் கொங்கிறீற் பட்டிக்கும் 12 பை. சுவருக்கான சீமெந்துக் கல்லை அச்சில் அரிய 16. சுவர் கட்ட 4. கதவு யன்னலுக்கு மேலே வரும் லிண்டலுக்கும் மேல் பீமுக்கும் 5. பூச்சுக்கு 8. நிலத்துக்கு 5. மொத்தம் 50 பை. அதற்குக் கீழே கிழமைக்குக் கிழமை ஒரு பைக்கு ஒரு கோடு போடுகிறார். வெறும் பைகளையும் எறிவதில்லை. உதறி, மடித்து, ஓலை நாரால் கட்டிக் கொட்டிலின் மூலையில் வைத்திருக்கிறார். கதவின் கோடும் கட்டிவைத்த வெறும் பையும் என் கொப்பியும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

இந்த ஐம்பதில் 16 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தச் சுவர்களுக்கு ஆறு அங்குலக் கல் ஏறத்தாழ 480 வேண்டும். ஒரு பைக்கு 30 கல் என்று அரிந்தால் 16 பை. வீட்டுக்குப் போகும் சீமெந்தில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு சுவரும் எழும்புவதற்கு முன்னாலேயே முற்றத்தில் கல்லாகிவிடுகிறது. ஆனால் உங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. அத்திவாரத்துக்கு முதல் தவணை வந்தது. அடுத்தது சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்த பிறகுதான். இடையில் வருகிற 16 பையும் கூலிக்காரப் பெண்ணின் கையிலிருந்து போகவேண்டும்.

ஆவணியில் வேலை தொடங்கினார்கள். முதல் இரண்டு கிழமையில் 12 பையோடு அத்திவாரம் முடிந்தது. அதுவரை ஒரு குறையும் இல்லை. முதல் தவணை நேரத்துக்கு வந்ததற்கு அவர் இன்றைக்கும் நன்றி சொல்கிறார்.

மூன்றாம் கிழமையிலிருந்து சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கு வருவார். இரண்டு பை. ஞாயிற்றுக்கிழமை மேசன் அண்ணை ஒரு கையாளோடு வந்து அறுபது கல் அரிந்துவிட்டுப் போவார். அரிந்த கல்லைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. மறுநாள் முழுக்க அதை அசைக்கக்கூடாது. மேலே கிடுகு போட்டு வெயில் படாமல் மூடவேண்டும். பிறகு காலையும் மாலையும் ஒரு கிழமையாவது தண்ணீர் ஊற்றவேண்டும். இரண்டு கிழமை ஊற்றினால் இன்னும் நல்லது. சீமெந்து இறுகுவது காய்வதால் அல்ல, தண்ணீரோடு சேர்ந்துதான். ஈரம் போய்விட்டால் உள்ளே இறுகுவது பாதியில் நின்றுவிடும். தோட்டத்துக்குப் போகுமுன் விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் வாளியோடு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் வீடு அடுத்த ஒழுங்கைதான்.

நான்கு கிழமையில் எட்டுப் பை, 240 கல். கதவில் இருபது கோடு.

ஏழாம் கிழமை உங்களில் ஒருவர் பார்வையிட வந்தார். மரியாதையான மனிதர், குறை சொல்ல எனக்கு மனமில்லை. வளவைச் சுற்றிப் பார்த்தார், படம் எடுத்தார், அத்திவாரத்தை நாடா பிடித்து அளந்தார். பத்துப் பத்தாக அடுக்கியிருந்த கல்லுக்குப் பக்கத்தில் நின்றுதான் எழுதினார்: "அத்திவாரம் மட்டும் பூர்த்தி. மேலதிக முன்னேற்றம் இல்லை." அக்கா கல்லைக் காட்டினார். "விளங்குது அம்மா, ஆனா படிவத்தில அப்பிடி ஒண்டும் இல்லை" என்றார் அவர். சுவர் தாமதமானால் பயனாளிப் பட்டியலிலிருந்து பெயர் போகலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தைதான் அடுத்த பிழைக்குக் காரணம். மாரி வேறு வரப் போகிறது. பதறிப்போன அக்காவுக்கு உதவி செய்யத்தான் மேசன் அண்ணை நினைத்தார். "பையைக் கொஞ்சம் இழுப்பம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பைக்கு 45 என்று, இரண்டு பையில் 90 கல் அரிந்தார்கள். கோடு இருபத்திரண்டு.

பார்வைக்கு எல்லாக் கல்லும் ஒன்றுதான். நிறம்கூடப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. கையால்தான் தெரியும். நல்ல கல்லை ஆணியால் கீறினால் ஒரு வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான். அந்த 90இல் ஒன்றை எடுத்து அக்கா கீறியபோது ஆணி உள்ளே இறங்கி மணல் கொட்டியது. மூலையைப் பெருவிரலால் அழுத்தினால் உதிர்ந்தது. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று கேட்கவேண்டிய இடத்தில் மந்தமான சத்தம். இரண்டு கிழமை தண்ணீர் ஊற்றிய பிறகும் அப்படித்தான். ஒன்பதாம் கிழமை இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரு நல்ல கல்லையும் ஒரு இழுத்த கல்லையும் மண்ணில் போட்டுப் பார்த்தார். நல்ல கல் கிடந்தது. மற்றது நான்காகச் சிதறியது.

அந்தக் கல்லைச் சுவரில் வைத்துப் பூசியிருந்தால் உங்கள் உத்தியோகத்தருக்குத் தெரிந்திருக்காது. லிண்டல் மட்டம் வந்திருக்கும், தவணையும் வந்திருக்கும். சில மாரிக்குப் பிறகு யன்னல் மூலையிலிருந்து வெடிப்புக் கிளம்பியிருக்கும். அக்கா வைக்கவில்லை. தொண்ணூறையும் ஒதுக்கிவிட்டார்; நிலத்துக்குக் கீழே உடைத்து நிரப்பலாம் என்று வைத்திருக்கிறார். ஆனால் இரண்டு பையும் மூன்று கிழமையும் போய்விட்டன. கதவில் 50 என்று எழுதியதை அழித்து 52 என்று எழுதினார். அன்றைக்குக் கடைக்கு வந்து என் கொப்பியிலும் திருத்தச் சொன்னபோது அவர் குரல் உடைந்துபோயிருந்தது. எத்தனையோ பேரின் கடனை எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு பையை எழுதியதுபோல் எதையும் எழுதியதில்லை.

"கடன் பட்டாவது பதினாறு பையையும் ஒரேயடியாக வாங்கி வைத்திருக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். கடையில் இருக்கிறவள் சொல்கிறேன், ஐப்பசி கார்த்திகையில் தகரக் கொட்டிலில் சீமெந்து வைப்பது காசைத் தண்ணீரில் வைப்பது மாதிரி. பலகை போட்டு நிலத்திலிருந்து அரையடி உயர்த்தி, சுவரில் முட்டாமல் அடுக்கி, பொலித்தீனால் மூடினாலும் ஈரக்காற்று பைக்குள் போகும். கையை விட்டால் மா மாதிரிக் குளிர்ச்சியாக வழுக்கிப் போகிற சீமெந்து நல்லது. விரலால் நசுக்க உடையாத கட்டி இருந்தால் அதைக் கல்லுக்கோ பீமுக்கோ எடுக்கக்கூடாது. கூலிக்காரர் கிழமைக்கு இரண்டு பை வாங்குவது கையில் காசில்லாததால் மட்டும் இல்லை, அதுதான் சீமெந்துக்கும் சரியான முறை. அப்படி வாங்கி அரிகிற வேலையை உங்கள் படிவம் வேலையென்று எடுப்பதில்லை. என் ஆதங்கம் இதுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இரண்டாம் தவணையை இரண்டாகப் பிரியுங்கள். அரிந்து, நனைத்து, அடுக்கிய கல்லை எண்ணிப் பார்த்து முதல் பாதியைக் கொடுங்கள். மற்றப் பாதியை லிண்டல் மட்டத்தில் கொடுங்கள். மேலதிகமாக ஒரு சதமும் வேண்டாம்.

இதில் உங்களுக்கு வரக்கூடிய பயம் எனக்குத் தெரியும். ஒரே அடுக்கை இன்று ஒரு வளவிலும் நாளை இன்னொரு வளவிலும் காட்டுவார்கள். அது நடக்கக்கூடியதுதான். அதற்கு வழி சுலபம்: அச்சிலிருந்து கழற்றியவுடன் கல் ஈரமாக இருக்கும்போதே பயனாளி இலக்கத்தை ஆணியால் எழுதச் சொல்லுங்கள். இறுகிய பிறகு அதை மாற்ற ஏலாது. பார்வையிட வருகிறவர் அடுக்கின் அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று எடுத்து, ஆணியால் கீறி, இடுப்பளவிலிருந்து போட்டுப் பார்க்கட்டும். மடித்து வைத்த வெறும் பைகளையும் கேட்டு எண்ணட்டும். 480 கல்லுக்குப் பக்கத்தில் பத்துப் பைதான் இருந்தால் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கவே தேவையில்லை. கண்ணால் மட்டும் சுவரைப் பார்த்து லிண்டல் மட்டம் என்று எழுதுவதைவிட இது உறுதியான சோதனை. சுவர் எழும்பிப் பூச்சும் பூசிவிட்டால் உள்ளே இருக்கும் கல்லை ஒருவரும் பார்க்கமுடியாது.

இப்போது பன்னிரண்டாம் கிழமை. மழை தொடங்கிவிட்டது. மேலே தறப்பாள் கட்டி, அதற்குக் கீழேதான் அரிகிறார்கள். திரும்பவும் பைக்கு முப்பது. கதவில் 26 கோடு, முற்றத்தில் நல்ல கல் 360. கடந்த கிழமை அரிந்தவற்றில் அக்காவின் மகள் ஒவ்வொரு கல்லிலும் தங்கள் பயனாளி இலக்கத்தை ஆணியால் எழுதியிருக்கிறாள். நான் சொல்லித்தான் எழுதினாள். நீங்கள் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில் சொன்னேன்.

நாளை சனிக்கிழமை. இருபத்தேழாவது, இருபத்தெட்டாவது பைகளுக்கு அவர் வருவார். இரண்டையும் புதிய லோட்டிலிருந்து எடுத்து, திகதி பார்த்து, வாசலோரம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கடன் கொப்பி எழுதுகிறவள்,
வலிகாமம் வடக்கு, யாழ்ப்பாணம்